‘கொஞ்சம் மெருகேத்துங்க’ என்றால் எதை?

வெளியிலிருந்து பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர் யாரைக் கேட்டாலும், முதல் வரைவுக்கு வந்த பதில்கள் என்று இந்த மூன்றையும் சொல்வார். ‘நல்லா வந்திருக்கு, ஆனா என்னமோ குறையுது.’ ‘இன்னும் கொஞ்சம் உயிரோட்டமா வேணும்.’ ‘கொஞ்சம் மெருகேத்தி அனுப்புங்களேன், சீக்கிரமா.’ மூன்றிலும் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் படித்துவிட்டுக் கட்டுரையைத் திறந்தால் எந்தப் பத்தியில் கை வைப்பது என்று தெரியாது. எழுத்தாளர் தனக்குத் தோன்றிய இடத்தையெல்லாம் மாற்றி அனுப்புவார். ஆசிரியருக்குப் பிடித்திருந்த பகுதி அதில் காணாமல் போயிருக்கும். மூன்றாவது சுற்றில் இருவருக்கும் சலிப்பு வந்துவிடும்.

அலுவலகத்தில் வேலை பார்க்கும் நிருபருக்கு இந்தச் சிக்கல் குறைவு. ‘என்னமோ குறையுது’ என்று சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ‘எது சார்?’ என்று கேட்டுவிடலாம். திருத்தி எழுத இரண்டு நாள் ஆனாலும் மாதச் சம்பளம் வரும். வெளியிலிருந்து எழுதுகிறவருக்கு இரண்டும் கிடையாது. கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசியிருப்பார்கள். ஒவ்வொரு கூடுதல் சுற்றும் அதே தொகைக்குள் அவர் கையிலிருந்து போகும் நேரம். ஆசிரியர் மனதில் என்ன இருக்கிறது என்பதை அவர் தெரிந்துகொள்ள இருக்கும் ஒரே வழி, அந்தப் பதில் கடிதம்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். பெயர்கள் வேண்டாம், எந்தப் பத்திரிகை அலுவலகத்திலும் நடக்கக்கூடியதுதான். மாதம் இருமுறை வரும் ஒரு தமிழ் இதழ். அதன் உதவி ஆசிரியர், திருநெல்வேலிப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே கட்டுரை எழுதும் ஒருவரிடம் உடன்குடிக் கருப்பட்டி பற்றி 1,200 வார்த்தையில் கட்டுரை கேட்டிருக்கிறார். ஜூன் 3, புதன்கிழமை வரைவு வந்து சேர்கிறது. 1,900 வார்த்தை. முதல் நான்கு பத்திகள் பனைமரத்தின் பெருமை, பழைய இலக்கியத்தில் பனை, தமிழ்நாட்டின் மாநில மரம் பனை என்று போகின்றன. ஒன்பதாவது பத்தியில்தான் ஓர் அம்மா பதநீர் காய்ச்சுகிறார். பன்னிரண்டாவது பத்தியில் ‘வியாபாரிகள் எல்லோரும் சர்க்கரை கலக்கிறார்கள்’ என்று ஒரு வரி. பதினைந்தில் ‘சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று இன்னொரு வரி. ஆங்காங்கே ஒற்றுப் பிழைகள்.

உதவி ஆசிரியர் முதல் முறை படிக்கும்போது பேனாவையோ சுட்டியையோ தொடாமல் படிக்கிறார். பழகிய ஆசிரியர்கள் பலர் இப்படித்தான் செய்வார்கள். முதல் வாசிப்பில்தான் அவரும் வாசகர். எங்கே கவனம் சிதறியது, எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்பது அப்போது மட்டுமே தெரியும். கையில் பேனா இருந்தால் முதல் வரியிலேயே ‘வந்துக் கொண்டிருந்தது’ என்பதில் உள்ள க் கண்ணில் படும். அதை அடித்துவிட்டு அடுத்த பிழைக்குப் போவோம். நான்கு பத்திகள் ஒரு மனிதர்கூட இல்லாமல் ஓடியதைக் கவனிக்காமலே போய்விடுவோம். அந்த நான்கு பத்திகளும் எப்படியும் போகப்போகின்றன என்றால், அவற்றில் ஒற்றுப் பிழை திருத்திய நேரம் வீண். அதைவிட மோசம், நாற்பது சிவப்புக் குறிகளுக்கு நடுவே முக்கியமான ஒரு குறியை எழுத்தாளர் தவறவிடுவது. ஒற்று, எழுத்துப்பிழை, இதழின் நடைமுறைப்படி எண்களை எழுதுவது எல்லாம் கடைசி வரைவில் அலுவலகமே பார்த்துக்கொள்ளும் வேலை.

இரண்டாவது முறை படிப்பதற்குமுன் அவர் இன்னொரு காரியம் செய்கிறார். கட்டுரையைக் கேட்டுத் தான் முதலில் அனுப்பிய மின்னஞ்சலைத் தேடி எடுக்கிறார். பெரும்பாலான ஆசிரியர்கள் விட்டுவிடுகிற படி இது. விட்டால் விலை கொடுக்க வேண்டிய படியும்கூட. அந்த மின்னஞ்சலில் என்ன இருந்தது? ‘இன்று அந்தத் தொழிலில் இருப்பவர்களின் நிலை, 1,200 வார்த்தை, ஜூலை முதல் இதழ்’ என்று இருந்தது. நல்ல கருப்பட்டியை வாசகர் எப்படி அடையாளம் காண்பது என்ற பெட்டிச் செய்தி பற்றி ஒரு சொல்லும் இல்லை. வரைவைப் படிக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. ஆகவே வரைவில் அது இல்லாததை எழுத்தாளர் மேல் குறையாகச் சொல்ல முடியாது. அது புதிய வேலை. நீளம் கூடியதும் வரலாறு அதிகமானதும் வரைவின் குறைகள். இந்த இரண்டு வகையையும் பிரித்துவைக்காமல் ஒரே பட்டியலில் கொட்டினால், கேட்டதைச் சரியாகச் செய்த எழுத்தாளரும் தோற்றுப்போனவராக உணர்வார். பணம் பற்றிய மனக்கசப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து வருவது கடினமான கேள்வி. குறையைச் சொல்லி நிறுத்துவதா, தீர்வையும் சொல்வதா?

இதற்கு நூறாண்டுக்கு முந்தைய ஓர் உதாரணம் உண்டு. 1924-ல் அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு ஐரோப்பாவில் இருந்தபடி ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலின் கையெழுத்துப் பிரதியை நியூயார்க்கில் இருந்த ஸ்கிரிப்னர் பதிப்பகத்துக்கு அனுப்பினார். பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ் அந்த நவம்பரில் எழுதிய பதில் இன்றும் பதிப்புத்துறையில் எடுத்துக் காட்டப்படுகிறது. நாவலில் எவை நன்றாக வந்திருக்கின்றன என்பதைக் காட்சி காட்சியாகச் சொன்னார், அதோடு சில குறைகளை மட்டும் வைத்தார். மற்ற பாத்திரங்களைத் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியும், கேட்ஸ்பி மட்டும் மங்கலாக இருக்கிறான் என்பது ஒன்று. அவனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று வாசகர் குழம்புவார், முழு விளக்கம் வேண்டாம், ஆங்காங்கே குறிப்பு போதும் என்பது இன்னொன்று. அவனுடைய பழைய வாழ்க்கை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்று.

பெர்கின்ஸ் வாசகருக்கு வரும் இடைஞ்சலைச் சொன்னார். எந்தப் பக்கம் நோக்கிப் போகலாம் என்று ஓரிரு யோசனை தந்தார். ஒரு பத்தியையும் தானே எழுதிக் கொடுக்கவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டின் பதில்தான் சுவாரசியம். கேட்ஸ்பி எப்படி இருப்பான், என்ன தொழில் செய்தான் என்பது தனக்கே தெரியாமல் இருந்தது, அதைத்தான் நீங்கள் உணர்ந்திருக்கிறீர்கள் என்று ஒப்புக்கொண்டார். அச்சுப்படியில் அவர் நிறைய மாற்றினார். பின்னால் மொத்தமாகக் கிடந்த வாழ்க்கைக் கதையில் ஒரு பகுதியை முன்னால் கொண்டுவந்தார். 1925 ஏப்ரலில் நாவல் வெளிவந்தது. ‘கேட்ஸ்பிக்கு நீலக் கண், உயரம் ஆறடி என்று போடுங்கள்’ என்று பெர்கின்ஸ் எழுதியிருந்தால் அந்த வரி மட்டும் சேர்ந்திருக்கும். அடியில் இருந்த குறை அப்படியே இருந்திருக்கும்.

நாவலுக்கும் இதழ்க் கட்டுரைக்கும் வேறுபாடு உண்டுதான். கட்டுரையில் சில இடங்களில் தீர்வையே நேராகச் சொல்ல வேண்டும். உண்மைக்கு மாறான வரி, வழக்கு வரக்கூடிய வரி, வாசகர் உடம்புக்குக் கேடு தரும் வரி ஆகியவற்றில் ‘யோசித்துப் பாருங்கள்’ என்று இழுப்பது மரியாதை ஆகாது; குழப்பம். கட்டுரையின் அமைப்பு, தொடக்கம், தொனி ஆகியவற்றில் இடைஞ்சலை மட்டும் சொல்லி வழியை எழுத்தாளரிடம் விடலாம். உடன்குடிக்குப் போய்வந்தவர் அவர்தானே. அவருடைய குறிப்பேட்டில் வரைவுக்குள் வராத ஒரு காட்சி இருக்கலாம்.

ஜூன் 5, வெள்ளிக்கிழமை உதவி ஆசிரியர் அனுப்பும் கடிதம் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சார்.

கருப்பட்டிக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஜூலை முதல் இதழில் போடுகிறோம். அதற்கு முன் ஒரு முறை திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. விவரம் கீழே.

ஒன்பதாவது பத்தியில் அந்த அம்மா பதம் பார்க்கும் இடம் மிக நன்றாக வந்திருக்கிறது. நுரை பொங்கும்போது ஆமணக்கு விதையைப் பொடித்துப் போடுவது, பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பது, பிறகு சிரட்டையில் ஊற்றுவது என எல்லாம் கண்முன் நடக்கிறது. அதில் எதையும் குறைக்க வேண்டாம்.

கட்டாயம் மாற வேண்டியவை மூன்று.

1. தொடக்கம். முதல் நான்கு பத்திகள், ஏறக்குறைய 400 வார்த்தை, பனையின் வரலாறு. கட்டுரை இன்றைய உடன்குடியைப் பற்றியது என்று வாசகருக்குத் தெரிவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடுகிறது. எந்த வரலாறு இல்லாவிட்டால் பின்பகுதி புரியாதோ அதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். எங்கிருந்து தொடங்குவது என்பதை உங்களிடமே விடுகிறேன்.

2. பத்தி 12, ‘வியாபாரிகள் எல்லோரும் சர்க்கரை கலக்கிறார்கள்.’ இதைச் சொன்னவர் யார்? நீங்கள் நேரில் பார்த்ததா? ‘எல்லோரும்’ என்று அச்சிட நம்மிடம் ஆதாரம் இல்லை. காய்ச்சுகிறவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, ஒரு வியாபாரியின் பதிலையும் சேர்க்க வேண்டும்.

3. பத்தி 15, சர்க்கரை நோயாளிகள் பற்றிய வரி. இதை எடுத்துவிடுங்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். யாராவது நம்பிச் சாப்பிட்டால் பொறுப்பு நம்முடையது.

இரண்டு சின்னக் கேள்விகள். பத்தி 6-ல் புவிசார் குறியீடு ‘சமீபத்தில்’ என்று இருக்கிறது. 2023 என்று ஆண்டையே போட்டுவிடலாமா? பத்தி 7-ல் உள்ள கிலோ விலை காய்ச்சுகிறவர் கைக்கு வருவதா, கடையில் விற்பதா? எந்த மாத விலை?

நீளம் 1,300 வரை போகலாம். மேலே சொன்ன 1-ம் 3-ம் செய்தாலே பெரும்பகுதி குறைந்துவிடும். சந்தை பற்றிய 13, 14-ஆம் பத்திகள் ஒரே விஷயத்தைச் சொல்வதால் ஒன்றாக்கலாம். எழுத்துப்பிழை, ஒற்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தனியாக ஒன்று. நல்ல கருப்பட்டியை அடையாளம் காண்பது எப்படி என்று 150 வார்த்தையில் ஒரு பெட்டிச் செய்தி இருந்தால் நன்றாக இருக்கும். நாங்கள் முதலில் கேட்காதது இது. அதனால் இதற்குத் தனியாக ₹500. முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், கட்டுரை அது இல்லாமலே வரும்.

வியாபாரியிடம் பேசியாயிற்றா என்பதை மட்டும் 8-ஆம் தேதி திங்கள் மாலைக்குள் இரண்டு வரியில் தெரிவியுங்கள். திருத்திய வரைவு 14-ஆம் தேதி ஞாயிறு இரவுக்குள் வேண்டும். 18-ஆம் தேதி வியாழக்கிழமை பக்கம் கட்டுகிறோம், அதற்குமுன் எங்களுக்கு எடிட்டிங் வேலை இருக்கிறது. பள்ளி திறந்த நேரம் என்பதால் ஞாயிறு சரிப்படுமா என்று நாளைக்குள் சொல்லுங்கள்; வேறு நாள் வேண்டுமென்றால் இப்போதே மாற்றிக்கொள்ளலாம். ஏதாவது புரியவில்லை என்றால் சனிக்கிழமை காலை கூப்பிடுங்கள்.”

கடிதம் அச்சில் ஒரு பக்கம் வரும். படித்து முடித்ததும் எழுத்தாளருக்கு மூன்று செய்திகள் தெரிந்துவிடுகின்றன. கட்டுரை வரப்போகிறது. திருத்தம் ஒரு சுற்றுதான். எந்த நாள் எந்த வேலை. ‘போடுகிறோம்’ என்ற சொல் இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுவதைக் கவனிக்கலாம். அதைக் கடைசிக்குத் தள்ளினால், நடுவில் உள்ள எல்லாக் குறைகளையும் ‘அப்ப திருப்பி அனுப்பப்போறாங்களா?’ என்ற பயத்தோடுதான் படிப்பார். பயத்தோடு படிக்கிறவருக்குக் குறிப்பு ஏறாது.

பாராட்டும் குறிப்பாக இருக்கிறது. ‘அருமையான நடை’ என்று எழுதியிருந்தால் எழுத்தாளருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 600 வார்த்தை குறைக்க உட்காரும்போது எதைத் தொடக்கூடாது என்று தெரியாது. ஒன்பதாவது பத்தியைச் சுட்டியதால் அது தப்பித்தது. பாராட்டு இங்கே வேலைக்கான தகவல்.

கேள்விக்கு எண் போடுவது பழைய பழக்கம். ‘நியூயார்க்கர்’ இதழை 1925-ல் தொடங்கி 1951-ல் இறக்கும்வரை நடத்திய ஹெரால்டு ராஸ், ஒவ்வொரு கட்டுரைக்கும் வரிசை எண் போட்ட கேள்வித் தாள் தயாரிப்பார். கட்டுரையில் முன்பின் அறிமுகமின்றி ஒருவர் பெயர் வந்தால் ‘யார் இவர்?’ என்று கேட்பார். 1946-ல் ஹிரோஷிமா அணுகுண்டு பற்றி ஜான் ஹெர்சி எழுதிய நீண்ட கட்டுரை ஒரு முழு இதழையும் நிரப்பியது. அந்தக் கட்டுரைக்கும் அவர் ஏராளமான கேள்விகளை அனுப்பினார். ராஸின் கேள்விகள் எரிச்சலூட்டுவதாகப் புலம்பிய எழுத்தாளர்கள் உண்டு. எதைக் கேட்கிறார் என்று தெரியாமல் யாரும் தவித்திருக்க மாட்டார்கள். எண் இருந்தால் இன்னொரு வசதி: எழுத்தாளர் ‘2-க்குப் பதில் வாங்கியாயிற்று, 3 எடுத்தாயிற்று, 1-ல் எனக்கு வேறு கருத்து’ என்று அலைபேசியிலிருந்தே பதில் போடலாம்.

கடிதத்தில் குறைகள் பெரும்பாலும் கட்டுரையின் மேல் வைக்கப்பட்டிருக்கின்றன. ‘நீங்கள் ஆதாரம் இல்லாமல் எழுதிவிட்டீர்கள்’ என்பதற்குப் பதில் ‘நம்மிடம் ஆதாரம் இல்லை’ என்று இருக்கிறது. தமிழில் இந்த ‘நம்’ மிகவும் உதவும். அச்சிடப்போகிற பொறுப்பில் இருவரையும் ஒரே பக்கம் நிறுத்துகிறது. ஆனால் அளவு மீறினால் ஏமாற்று வேலையாகிவிடும். எழுத்தாளர் செய்ய வேண்டிய வேலையை ‘நாம கொஞ்சம் பண்ணிடலாம்’ என்று சொன்னால், யார் செய்வது என்று தெரியாமல் இருவரும் காத்திருப்பார்கள்.

மரியாதை என்பதற்குத் தமிழ்ப் பத்திரிகை உலகத்தில் இன்னொரு முகமும் இருக்கிறது. எழுத்தாளர் மூத்தவராக இருந்தால் இளைய உதவி ஆசிரியர் குறையையே சொல்லாமல் தவிர்ப்பார். ‘ஐயாகிட்ட எப்படிச் சொல்றது’ என்று தானே உட்கார்ந்து திருத்தி அச்சுக்கு அனுப்பிவிடுவார். இதழ் கைக்கு வந்த பிறகுதான் மூத்தவருக்குத் தன் கட்டுரை மாறியது தெரியும். அவருக்கு நேர்ந்த பெரிய அவமரியாதை அதுதான். அப்படிப்பட்டவருக்கு முதலில் தொலைபேசியில் பேசி, ‘சில சந்தேகங்கள் இருக்கு ஐயா, எழுதி அனுப்புறேன், பார்த்துட்டுச் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டுக் கடிதம் அனுப்பினால் போதும். கடிதத்தில் உள்ள மூன்று கட்டாய மாற்றங்களில் ஒன்றும் குறைய வேண்டியதில்லை.

தொலைபேசியில் மட்டும் சொல்வதும், வாட்ஸ்அப்பில் ஏழு நிமிடக் குரல் பதிவு அனுப்புவதும் இப்போது வழக்கமாகிவிட்டன. தொனி புரியும், மனம் புண்படாது என்பது உண்மை. ஆனால் ஏழு நிமிடக் குரலில் ‘அந்தச் சந்தைப் பகுதி கொஞ்சம் திரும்பத் திரும்ப வருது’ என்பது எந்த நிமிடத்தில் இருந்தது என்று எழுத்தாளர் தேடிக்கொண்டிருப்பார். பேசியது ஒன்று, கேட்டுக்கொண்டது வேறு என்றால் தீர்க்க ஆதாரமும் இருக்காது. பேசினாலும், பேசி முடித்ததும் ஐந்து வரியில் எழுதிப் போடுவது நல்லது.

கோப்பிலேயே திருத்துவதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் திருத்தம் தடம் தெரிகிற மாதிரி செய்ய வசதி உண்டு. ஓரத்தில் கேள்வி எழுதுவதோடு நின்றால் நல்லது. ‘நானே எழுதிட்டா சீக்கிரம் முடியும்’ என்று இறங்கினால் இரண்டு பத்திக்குள் அது ஆசிரியரின் நடையாகிவிடும். இந்த வழியில் கடைசிவரை போனதற்குச் சான்று, அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் 1981 தொகுப்பு. பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் அதில் சில கதைகளைப் பாதிக்கும் மேல் வெட்டினார், முடிவுகளை மாற்றினார். 1980 ஜூலையில் கார்வர் தொகுப்பை நிறுத்தச் சொல்லி மன்றாடிக் கடிதம் எழுதினார். புத்தகம் வெட்டியபடியே வந்தது, புகழும் பெற்றது. கார்வர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2009-ல் அவருடைய மூல வடிவங்கள் ‘பிகினர்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்தன. எது சிறந்தது என்று இன்றும் சண்டை நடக்கிறது. லிஷ் வெட்டியதால் கதைகள் கூர்மையாயின என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் தன் பெயரில் வரும் புத்தகத்தைத் தானே நிறுத்தச் சொல்லிக் கெஞ்சும் நிலைக்கு ஓர் எழுத்தாளரைக் கொண்டுபோவதை எந்தத் தரத்தாலும் ஈடு செய்ய முடியாது.

கருப்பட்டிக் கட்டுரையில் இந்த ஆபத்து எங்கே வரும்? அந்த அம்மாவின் பேச்சில். தூத்துக்குடி வட்டாரப் பேச்சை எழுத்தாளர் காதால் கேட்டு எழுதியிருப்பார். சென்னையில் உட்கார்ந்து அதைப் ‘புரியும்படி’ மாற்றினால் அந்த அம்மா காணாமல் போய்விடுவார். புரியாத சொல் இருந்தால் ‘வாசகருக்கு இது புரியுமா, பக்கத்திலேயே தெரிகிற மாதிரி ஏதாவது செய்யலாமா?’ என்று ஓரத்தில் கேட்பதோடு நிற்க வேண்டும்.

இனி தேதி. ‘சீக்கிரமா’, ‘முடிஞ்சா இந்த வாரம்’ என்பவை தேதிகள் அல்ல. உதவி ஆசிரியர் போட்ட 14-ஆம் தேதி பின்னாலிருந்து முன்னால் எண்ணி வந்தது. இதழ் 22-ஆம் தேதி திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 20-ஆம் தேதி சனிக்கிழமை மெய்ப்பு முடிய வேண்டும். 18-ல் பக்கம் கட்ட வேண்டுமானால் 16, 17 இரண்டு நாளும் எடிட்டிங்கிற்கு. ஆக 16-ஆம் தேதி செவ்வாய்க் காலையில் கட்டுரை கையில் இருந்தால் போதும். நடுவில் திங்கட்கிழமை ஒரு நாள் உபரி. எழுத்தாளர் தாமதித்தாலும் இதழ் தடுமாறாது.

இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. உபரி நாளை ஒளித்துவைத்து, ‘15 காலை அச்சுக்குப் போகுது’ என்று பொய் சொல்லக்கூடாது. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அடுத்த தேதியை யாரும் நம்பமாட்டார்கள். பக்கம் கட்டும் நாளை உண்மையாகச் சொல்லிவிட்டு அதற்குமுன் ஒரு தேதி கேட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். இரண்டாவது, தேதியை இரண்டாகப் பிரித்தது. கட்டுரையிலேயே பிறரை நம்பியிருக்கிற வேலை, வியாபாரியின் பதில் வாங்குவது. அது நடக்குமா என்று எட்டாம் தேதியே தெரிந்துவிட்டால் பன்னிரண்டாவது பத்தியின் வடிவத்தை அன்றே முடிவு செய்யலாம். ஞாயிறு இரவு ‘அவர் போனே எடுக்கலை மேடம்’ என்று வந்து நின்றால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. வார நாளில் பள்ளிக்குப் போகிறவருக்கு இடையில் இரண்டு சனி ஞாயிறு கிடைப்பதும் கணக்கில் இருக்கிறது. பதநீர்ப் பருவம் முடிவதற்குள் ஊருக்கு இன்னொரு நடை போகவேண்டுமானால் முதல் சனி ஞாயிறு அதற்கு.

முடிவைச் சொல்லத் தாமதிப்பதில் சட்டமும் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பது பல அலுவலகங்களுக்குத் தெரியாது. தனியாகச் சேவை செய்கிறவரும் உத்யம் பதிவு செய்துகொண்டால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் அவருக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஒப்படைத்த அன்றே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் கூட்டுவட்டி, அதுவும் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு. எழுத்தில் ஆட்சேபம் சொல்லியிருந்தால், அது சரிசெய்யப்பட்ட நாள்தான் ஏற்ற நாள். ஆக ஜூன் 5-ஆம் தேதிக் கடிதம் இரு தரப்புக்கும் பதிவு. என்ன குறை, எப்போது தீர்ந்தது என்று அது காட்டும். ‘நல்லா இருக்கு, பார்க்கிறேன்’ என்று குரல் பதிவு அனுப்பிவிட்டு ஒரு மாதம் கழித்துக் குறை சொல்வதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

இரண்டு சுற்றுக்குப் பிறகும் கட்டுரை சரிவராமல் போகலாம். அப்படி நடக்கும்; எழுத்தாளரும் ஆசிரியரும் இருவருமே தவறு செய்யாதபோதும் நடக்கும். அதற்காகப் பல வெளிநாட்டு இதழ்கள் ஒப்பந்தத்திலேயே, வெளியிடாவிட்டாலும் பேசிய தொகையில் ஒரு பங்கு தருவதாக எழுதுகின்றன. நாலில் ஒரு பங்கோ பாதியோ என்று இதழுக்கு இதழ் மாறும். தமிழில் இது அரிது. எழுதப்படாவிட்டாலும் முதல் கடிதத்திலேயே எத்தனை சுற்று, முடியாவிட்டால் என்ன என்று ஒரு வரி இருந்தால் ‘இன்னும் ஒரு தடவை’ என்று இழுத்துக்கொண்டே போக ஆசிரியருக்கு மனம் வராது.

நம் மாதிரியில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. எட்டாம் தேதி மாலை எழுத்தாளரிடமிருந்து வருவது இது: ‘மேடம், ஒரு வியாபாரி பேசச் சம்மதிச்சிருக்கார், பெயர் போடக் கூடாதுன்னு சொல்றார். பெட்டிச் செய்தியும் எழுதிடறேன். முதல் பத்தியில் மாநில மரம்கிற ஒரு வரி மட்டும் இருக்கட்டுமா?’ உதவி ஆசிரியர் அன்றே பதில் போடுகிறார். பெயர் இல்லாமல் போடலாம், ஆனால் எந்த ஊர்ச் சந்தையில் வியாபாரம் செய்கிறவர் என்பது வேண்டும். மாநில மரம் வரி இருக்கட்டும், முதல் பத்தியில் வேண்டாம். ஞாயிறு இரவு 1,340 வார்த்தையில் கட்டுரை வருகிறது. பதம் பார்க்கும் அந்த அம்மா இப்போது இரண்டாவது பத்தியிலேயே நிற்கிறார். நாற்பது வார்த்தை கூடுதல்தான், அதற்காக அவரை மறுபடி தொந்தரவு செய்யாமல் பக்கம் கட்டும்போது குறைத்துக்கொள்கிறார்கள். கட்டுரைத் தொகையோடு பெட்டிச் செய்திக்கான ₹500-ஐயும் சேர்த்த ரசீது திங்கட்கிழமை கணக்குப் பிரிவுக்குப் போகிறது.